இயைபுச் சொல் தேடியை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கடைசி எழுத்துகளைக் கொடுத்தால் அதே முடிவுள்ள தமிழ்ச் சொற்களை வரிசையாகத் தரும் உங்கள் தேடியை ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மெட்டுக்குப் பாட்டெழுதுவது என் வேலை. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் சின்ன ஆல்பங்களுக்கும் எழுதுகிறேன். உங்களுக்கு இதுவரை மூன்று கடிதம் போட்டிருக்கிறேன். மூன்றிலும் ஒரே கோரிக்கைதான்: சொற்களை எழுத்தை வைத்து மட்டும் தேடாமல், அவை வாயில் ஒலிக்கிற விதத்தை வைத்தும் தேட வழி செய்யுங்கள். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. "தமிழில் எழுதுவதைப் போலவேதான் உச்சரிக்கிறோம், ஆகவே தனி ஒலிவடிவம் தேவையில்லை" என்று ஒரே வரி.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஒலிப்பதிவு. பேச்சு நடையில் ஒரு காதல் பாட்டு. பல்லவியின் முதல் வரி ஏற்கெனவே முடிவாகியிருந்தது: "மொட்டமாடி மேல நிக்குது முழு நிலா." இரண்டாவது வரியும் அதே மாதிரி "இலா" என்று விழ வேண்டும், அந்தக் கடைசி "லா"வை நான்கு தாளத்துக்கு இழுக்க வேண்டும். நான் எழுதிப்போன வரி இசையமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை, அங்கேயே மாற்றச் சொன்னார். ஸ்டூடியோ மணிக்கணக்கு வாடகை. பாடகி மைக் முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்கிறார். உங்கள் தேடியில் "நிலா" என்று போட்டேன். பலா, உலா, விலா வந்தன. மூன்றும் தமிழ்தான், "லா"வில்தான் முடிகின்றன. ஆனால் "லா"வுக்கு முன்னால் இருக்கும் இகரம் "விலா"வைத் தவிர வேறு எதிலும் இல்லை. காதல் பாட்டில் விலா எலும்பை வைத்து நான் என்ன செய்ய? இருபது நிமிடம் போனது. பாடகி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, 'மூணாம் வீட்டுப் பொண்ணு வந்தா மயிலா'னு முடிச்சா வருமா?" என்று கேட்டார்.

வந்தது. ஒரே டேக்கில் ஓகே ஆனது. எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"மயிலா" ஏன் உங்கள் பட்டியலில் இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. அது எழுத்தில் "மயிலாக." முடிவது ககரத்தில். பேசும்போதும், பேச்சு நடையில் பாடும்போதும் அந்த "க" விழுந்துவிடுகிறது. மயிலா, குயிலா, வெயிலா, ரயிலா எல்லாமே "நிலா"வுக்கு அச்சாகப் பொருந்தும் சொற்கள். இத்தனைக்கும் உங்கள் தேடியில் மயிலும் குயிலும் வெயிலும் ரயிலும் இருக்கின்றன. "இல்" என்று முடியும் பெயர்ச்சொற்களை எடுத்து, "ஆக" ஏறினால் பேச்சில் "ஆ" ஆகும் என்ற ஒரு விதியைச் சேர்த்திருந்தால் போதும், அந்த நான்கும் அன்றைக்கு என் கண்முன் வந்திருக்கும்.

இதை ஒரு சொல்லின் குறையாக நினைத்துவிடாதீர்கள். "ஆல்" என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேடியில் "கால்" என்று கொடுத்தால் பால், வந்தால், கத்தியால் என எல்லாம் ஒரே கூடையில் வருகின்றன. இவற்றைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். "கால்" தனியாக நிற்கும்போது "காலு" ஆகிறது, "பால்" "பாலு" ஆகிறது. "கத்தியால்" என்பது "கத்தியால" ஆகிறது. "வந்தால்" என்பதில் லகரமே போய் "வந்தா" ஆகிறது. எழுத்தில் ஒரே முடிவு, காதில் மூன்று முடிவு. பெயர்ச்சொல்லா, வேற்றுமை உருபா, நிபந்தனை எச்சமா என்பதைப் பொறுத்து ஒலி மாறுகிறது. கடைசி எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லின் இலக்கணம் தெரிந்தால்தான் முடியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வந்தாள், வந்தால், அழகாக ஆகிய மூன்றும் எழுத்தில் மூன்று விதமாக முடிகின்றன. பேச்சில் வந்தா, வந்தா, அழகா என்று மூன்றும் ஆகாரத்தில் நிற்கின்றன. பொருந்தாததை ஒன்றாகக் கட்டித் தருகிறீர்கள், பொருந்துவதைப் பிரித்து ஒளித்து வைக்கிறீர்கள். பாட்டெழுதுகிறவனுக்கு இரண்டுமே நஷ்டம்தான். ஆனாலும் இரண்டாவதுதான் பெரிய நஷ்டம். தப்பான சொல் வந்தால் பாடிப் பார்த்து நீக்கிவிடலாம். வராத சொல் இருக்கிறது என்றே தெரியாதே.

சொல்லின் முடிவில் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. "குடை"யைப் பேச்சில் "கொட" என்கிறோம். "கொடை"யும் "கொட"தான். முதல் எழுத்தில் உள்ள உகரம், பின்னால் ஐகாரம் வருவதால் ஒகரமாகச் சாய்கிறது. "புகை" என்பது "பொக" ஆகி "தொகை"யோடு சேர்ந்துவிடுகிறது. இகரமும் அப்படித்தான், எகரமாகும்: இலை "எல" ஆகிறது, விலை "வெல" ஆகிறது. உங்கள் தேடியில் "புகை" போட்டால் "தொகை" வராது, ஏனென்றால் அது உகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேடையில் பாடும்போது கேட்கிறவர் யாரும் அந்த உகரத்தைக் கேட்பதில்லை.

கடன்சொற்களில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்ச் சொற்களில் வல்லினம் எங்கே அழுத்தி ஒலிக்கும், எங்கே மென்மையாகும் என்பது இடத்தைப் பார்த்தாலே தெரியும். "அக்கம்" என்பதில் உள்ள ககரமும் "தங்கம்" என்பதில் உள்ள ககரமும் வேறு வேறு ஒலி, ஆனால் அதில் யாருக்கும் குழப்பம் வராது. "கப்", "கிளப்" என்ற இரண்டில் அந்த வழி உதவாது. இரண்டும் பகர ஒற்றில் முடிகின்றன. தேநீர்க் கப்பில் அழுத்தமான ஒலி, கிளப்பில் அதிர்வுள்ள மெல்லொலி. "ரூட்", "மூட்" இரண்டும் அதே கதை. இளைஞர்களுக்கு எழுதும் பாட்டில் இந்தச் சொற்கள் வராமல் இருக்காது. ஒருமுறை உங்கள் பட்டியலை நம்பி "ரூட்"டுக்கு "மூட்" போட்டேன். பாடும்போது ஒன்று தட்டி நின்றது, இன்னொன்று வழுக்கிக்கொண்டு போனது. இவற்றுக்கு விதி எதுவும் கிடையாது. ஒவ்வொரு சொல்லாக ஒருவர் உட்கார்ந்து குறித்தால்தான் உண்டு.

"எழுதுவதைப் போலவே உச்சரிக்கிறோம்" என்று எழுதினீர்களே, அது தூய எழுத்து நடைக்குக்கூட முழுதாகப் பொருந்தாது. "பசு", "பரிசு" இரண்டையும் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பசுவில் உதடு குவிகிறது. பரிசில் குவிவதில்லை. முதலாவது முற்றியலுகரம், இரண்டாவது அரை மாத்திரை அளவே ஒலிக்கும் குற்றியலுகரம். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்று கண்டு, குற்றியலுகரத்துக்கென்றே ஓர் இயலை வைத்தார் தொல்காப்பியர். இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வது இல்லை.

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளில் முடியும் சொற்கள் த்ரூ, தோ, டஃப், காஃப் என்று நாலு விதமாக ஒலிக்கின்றன. அதனால்தான் அங்கே எழுத்தை நம்பாமல் உச்சரிப்பு அகராதியை வைத்து இயைபு தேடுகிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி 1,30,000க்கும் மேற்பட்ட சொற்களை வெறும் 39 ஒலிக்குறிகளால் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. அழுத்தம் விழும் கடைசி உயிரொலியிலிருந்து சொல்லின் முடிவுவரை இரண்டு சொற்களில் ஒத்துப்போனால் அது இயைபு. தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் கிடையாது என்பதால் அந்த அளவுகோலை அப்படியே எடுக்க முடியாது. பாட்டில் என் அனுபவம் இதுதான்: கடைசி உயிரொலியோடு, அதற்கு முந்தைய உயிரொலியும் இடையில் உள்ள மெய்யும் ஒத்துவர வேண்டும். பாட்டு, காட்டு சேரும். பாட்டு, ஓட்டு அரைகுறையாக நிற்கும். பாட்டு, கொலுசு சேராது. முடிவில் உள்ள குற்றியலுகரம் மட்டும் ஒத்திருப்பதால் காதில் எதுவும் பதியாது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு பழைய கோபமும் சேர்ந்துகொள்கிறது. பேசுகிற தமிழைக் "கொச்சை" என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள். கட்டுரையில் "வந்தா" என்று எழுதியதற்குச் சிவப்பு மையில் சுழித்த ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை, அது கட்டுரை. ஆனால் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அந்த "வந்தா"வில்தான் இயைபு கட்டி நின்றிருக்கின்றன. எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிற பாட்டிகள் யாரும் இயைபைத் தவறவிட்டு நான் கேட்டதில்லை. அவர்களுக்கு எழுத்து தெரியாது. அதனால் எழுத்து அவர்களைக் குழப்பியதும் இல்லை. அவர்கள் காதுக்குத் தெரிந்தது உங்கள் தேடிக்குத் தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பணிவோடு கேட்பது அதே ஒன்றுதான்: ஒலியை வைத்துத் தேட வழி செய்யுங்கள். இப்போதுள்ள எழுத்துத் தேடலை எடுத்துவிட வேண்டாம். மரபுக் கவிதை எழுதுகிறவர்களுக்கு அது வேண்டும், "வந்தாள்" என்றே பாடப்படும் பாட்டுகளும் இருக்கின்றன. பக்கத்தில் "பேச்சொலி" என்று இன்னொரு பொத்தானை வையுங்கள், போதும். ஊருக்கு ஊர் பேச்சு மாறுமே என்று கேட்பீர்கள். மாறும்தான். ஆனால் நான் மேலே சொன்ன ஆக, ஆல், ஆள் முடிவுகளும், குடை கொடை மாற்றமும் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களில் செல்லும். அவற்றிலிருந்து தொடங்கினாலே பாதி வேலை முடியும்.

கடன்சொற்களுக்கு நீங்கள் ஆள் தேட வேண்டாம். பாட்டில் அடிக்கடி வரும் சொற்களை அழுத்த ஒலி, மெல்லொலி என்று பிரித்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் தட்டச்சு செய்து தருகிறேன், காசு வேண்டாம். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். இந்த முறை ஒரு வரியில் இல்லாமல், கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
மெட்டுக்குப் பாட்டெழுதும் ஒருவன்