ஆடு மாறிப்போன கதை

அன்புள்ள மாப்ளே,

உன் அண்ணன் போன் பண்ணி என்னைப் பற்றிப் புலம்புவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பட்டியில் பிடித்துக் கட்டச் சொன்ன இரண்டு கிடாய்களையும் நான் வாங்கவில்லை. முன்பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும், எழுதினால் நீயாவது படிப்பாய். நாலு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதாதவன் ஆட்டுக்காக எழுதுகிறானே என்று கேட்காதே. உன் அம்மாவுக்கு முழங்கால் தேவலையா?

சேதி இதுதான்: பையனுக்கு ஆண் குழந்தை. தலைப்பிரசவம் என்பதால் மருமகள் கீழக்கரையில் தாய் வீட்டில் இருக்கிறாள். வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பிறந்தான். ஏழாம் நாள் எது என்பதில் ஆரம்பித்தது கச்சேரி. ஆஸ்பத்திரிச் சீட்டில் வியாழன் என்று இருப்பதால் என் மனைவி விரல் விட்டு எண்ணிப் புதன்கிழமை என்றாள். எங்கள் கணக்கில் சூரியன் மறைந்து மஃரிப் ஆனதும் அடுத்த நாள் தொடங்கிவிடும். ஆகவே அவன் வெள்ளிக்கிழமைப் பிள்ளை, ஏழாம் நாள் அடுத்த வியாழன். கணக்கு வாத்தியாரிடம் அடி வாங்கிய கையால் நான் இதைச் சரியாகச் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்.

அன்றைக்குத்தான் அகீகா. பிள்ளைக்காக ஆடு அறுப்பது, முடி இறக்குவது, பெயர் வைப்பது மூன்றையும் ஏழாம் நாளில் செய்ய வேண்டும் என்று ஹதீஸ். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று. முடியாதவர் ஆண் பிள்ளைக்கும் ஒன்றோடு நிறுத்தலாம். நபியவர்கள் தம் பேரன்கள் ஹஸனுக்கும் ஹுஸைனுக்கும் ஆளுக்கு ஒரு கிடா கொடுத்ததாகவே ஓர் அறிவிப்பு உண்டு. செலவு தகப்பன் வீட்டுப் பொறுப்பு. அதனால்தான் உத்தமபாளையத்திலிருந்து ஆடு கொண்டுபோகிறேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

சம்பந்தி போனில் கேட்ட முதல் கேள்வி, "ஆட்டுக்கு எத்தனை பல்?" உன் வீட்டாரைத் தவிர வேறு யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "ரெண்டு பல், ஒரு வருஷம் முடிஞ்சது" என்றேன், பெருமையாக. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நாங்கள் ஹனஃபி, அவர்கள் ஷாஃபி. இரண்டும் மார்க்கச் சட்டத்தில் வேறு வேறு வழிகள், மத்ஹபு என்போம். எங்களுக்கு வெள்ளாடு ஒரு வருஷம் முடிந்திருந்தால் போதும். அவர்களுக்கு இரண்டு வருஷம் முடிந்திருக்க வேண்டும். உன் அண்ணனின் கிடாய்கள் பார்க்க யானைக்குட்டி மாதிரி இருந்தாலும் அவர்கள் கணக்கில் குட்டிகள்தான்! நாலு பல் கிடா தேடினால் கிடைக்காமல் போகாது. ஆனால் இரண்டு வருஷம் வரை கிடாயை விற்காமல் யார் வைத்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியாததா? இரண்டு நாளில் ஒரே மாதிரி இரண்டுக்கு எங்கே போவது?

கீழக்கரையில் மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் போனோம். அவர் என் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். கொடுப்பது தகப்பன், தகப்பன் ஹனஃபி, அவருடைய மத்ஹபுப்படி இந்த ஆடு கூடும் என்றார். ஜெயித்துவிட்டேன் மாப்ளே. ஆனால் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அந்த ஜெயிப்பு ருசிக்கவில்லை. பேரனுக்காக அறுத்ததை அந்த வீட்டுப் பெரியவர்கள் மனசில் ஒரு குறையோடு சாப்பிட்டால் எனக்கு என்ன மரியாதை? ஆலிம்சாவே வழியும் சொன்னார். செம்மறி என்றால் ஒரு வருஷம் முடிந்தது இரண்டு மத்ஹபுக்கும் செல்லும். அந்தப் பக்கத்தில் ராமநாதபுரம் வெள்ளை என்று ஒரு செம்மறி இனம் உண்டல்லவா, அதில் இரண்டு வாங்கினோம். நொண்டியா, கண் பழுதா, காது அறுந்திருக்கிறதா என்று சம்பந்தி டார்ச் அடித்துப் பார்த்தார். குட்டியாக இருக்கும்போது அடையாளத்துக்குக் காது நறுக்கிய ஒன்றை வேண்டாம் என்று ஒதுக்கினார். இதையும் உன் அண்ணனிடம் சொல்லிவை. அடையாளத்துக்குச் சாயம் பூசட்டும், காதில் கத்தி வைக்க வேண்டாம்.

செம்மறிக் கறி கவிச்சி அடிக்கும் என்று என் மனைவி இன்றுவரை முனகுகிறாள்.

இதற்கு நடுவில் பெயர் முடிவாகவில்லை. அறுக்கும்போது "இது இன்னாருடைய அகீகா" என்று பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓதுவார்கள். அதனால் கத்தி எடுப்பதற்குள் பெயர் வந்தாக வேண்டும். பையனும் மருமகளும் போனில் தேடி எடுத்த பெயர்களை என்னால் உச்சரிக்கக்கூட முடியவில்லை. என் அத்தாவின் பெயரை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, வாய் திறக்கவில்லை. ஆலிம்சா பேச்சுவாக்கில், பெயர் வைக்க ஏழாம் நாள் வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை, நபியவர்கள் தம் மகனுக்குப் பிறந்த இரவே இப்ராஹீம் என்று பெயர் வைத்தார்கள் என்றார். மருமகள் நிமிர்ந்து, "மாமாவோட அத்தா பேரும் அதுதானே?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாதே.

ஒரு சிக்கல். என் அம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். அத்தா மவுத்தாகி இத்தனை வருஷமாகியும் சொன்னதில்லை. இப்போது கொள்ளுப்பேரனைப் போனில் "ஏய் வெள்ளையப்பா" என்று கூப்பிடுகிறார். பிள்ளையோ நம்மைப் போல நல்ல கறுப்பு.

வியாழன் காலை சூரியன் உதித்த பிறகு அறுப்பு. எலும்பை உடைக்காமல் மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும் என்பது ஷாஃபி வழக்கம், பிள்ளைக்கு ஊனம் வராதிருக்க ஒரு நல்லெண்ணம். கறி வெட்டுபவர் முணுமுணுத்தார். வெட்டுக்கத்தியால் ஒரே போடாகப் போட்டுப் பழகிய கை, மூட்டைத் தடவித் தடவிக் கத்தியை நுழைக்க இரண்டு மடங்கு நேரமானது. ஒரு வலது தொடையைப் பச்சையாக, பிரசவத்தில் கூட இருந்த நர்சம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். முன்பு மருத்துவச்சிக்குப் போன பங்கு அது. மீதியைச் சமைத்துப் பங்கு வைத்தார்கள். குழம்பில் கொஞ்சம் இனிப்புச் சேர்த்திருந்தார்கள். பிள்ளையின் குணம் இனிக்கட்டும் என்றாம். நான் பேசாமல் சாப்பிட்டேன்.

பிறகு முடி. பழனியில் உனக்கு இறக்கிய அன்று நீ போட்ட கூச்சல் நினைவுக்கு வந்தது. இவன் தூங்கிக்கொண்டே இருந்தான். உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்துக்கொண்டே நாவிதர் கத்தியை இழுக்க, எனக்குத்தான் வியர்த்தது. முடியைத் தரையில் விழவிடாமல் வெள்ளைத் துணியில் ஏந்தினார்கள். அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்ய வேண்டும். ஹஸனின் முடி ஒரு திர்ஹமோ அதற்கும் குறைவாகவோ இருந்ததாம், அதாவது மூன்று கிராமுக்குள். சமையலறைத் தராசில் வைத்தோம், பூஜ்யம் காட்டியது. முடி வேறு ஈரமாக இருந்தது, நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுப்போம் என்று வெயிலில் காயவைத்து நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். முக்கால் கிராம்! என் பையன் வெள்ளி விலையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். சம்பந்தி தங்கத்தின் விலையில் கொடுக்கலாம் என்றார், அவர்கள் கிதாபில் அதுவும் உண்டு. அப்படியே கொடுத்தோம்.

மழித்த தலையில் குங்குமப்பூவைக் குழைத்துத் தடவினார்கள். இஸ்லாத்துக்கு முன்னால் அறுத்த ஆட்டின் ரத்தத்தைப் பிள்ளை தலையில் பூசுவார்களாம். அதை விட்டுவிட்டு இதைத் தடவினோம் என்று நபித்தோழர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மஞ்சளாக மின்னிய அந்த மண்டையை என் மனைவி எடுத்த போட்டோ இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன்.

அந்த இரண்டு கிடாய்களையும் விற்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். பக்ரீத் குர்பானிக்கு எங்கள் கணக்கில் அவை தாராளமாகச் செல்லும், மீதிப் பணத்தை வந்து தருகிறேன். நாற்பது கழிந்ததும் பிள்ளையை இங்கே அழைத்து வருகிறோம். நீயும் வா, வரும்போது அம்மாவின் எக்ஸ்ரேயை எடுத்துவா. இங்கே முழங்காலுக்கு ஒரு நல்ல டாக்டர் வந்திருக்கிறார்.

உன் மாப்ளே