கடையை அடைத்த பிறகு எழுதுகிறேன்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். அதனால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையிலேயே உட்கார்ந்து இந்த மெயிலை அடிக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ராசு சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். மாமா மட்டும் சிரித்தார். அவரை விடு.

நேற்று சாயங்காலம் எழுமலைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். 2022இல் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். மறுநாள் காலை மதுரை அண்ணாநகரில் மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் வாக்-இன். ரெஸ்யூம் இரண்டு காப்பி, ஒரிஜினல் சர்டிபிகேட், போட்டோ எல்லாம் கொண்டுவரச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்ததாம். அவளுக்கு இதுதான் முதல் ரெஸ்யூம். கூட வந்த தகப்பனார் உள்ளே வராமல் வாசல் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்காவின் பழைய ரெஸ்யூமைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தாள். பெயரையும் மார்க்கையும் மாற்றினால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், வம்பும் அங்கேதான். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து முடித்துவிட்டு, பிரிண்ட் போடுங்கள் ஆன்ட்டி என்றாள். நான் எதையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன், உனக்குத் தெரியும். மேலே பெயரை மாற்றியிருந்தாள். கீழே உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் அக்கா பெயரே இருந்தது. போன் நம்பரும் அக்காவுடையது. கம்பெனிக்காரன் கூப்பிட்டிருந்தால் திருப்பூரில் அக்கா எடுத்திருப்பாள்.

மார்க்தான் பெரிய கூத்து. பிளஸ் டூவில் 412 என்று அடித்திருக்கிறாள், பக்கத்தில் அக்கா காலத்து 1200 அப்படியே இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டுச் சதவீதம் 34 என்றும் எழுதிவிட்டாள். தான் 34 சதவீதம்தானா என்று அவளுக்குச் சந்தேகம்கூட வரவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்த பிறகு பிளஸ் டூவுக்கு மொத்தம் 600தானே. 412ஐ 600ஆல் வகுத்தால் 68.67. பாதி மார்க்கைத் தானே தொலைத்துவிட்டு நிற்க இருந்தாள். பெயரில் இன்ஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்றும் குழப்பம். ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே போடச் சொன்னேன்.

அப்புறம்தான் அந்த இரண்டு வருஷம் வந்தது. படிப்பு முடிந்து ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம். சிநேகிதி ஒருத்தி, தெரிந்த ஆபீஸில் ஒரு வருஷம் டேட்டா என்ட்ரி பார்த்ததாக சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்றாளாம். அதையும் அடித்துவைத்திருந்தாள். வேண்டாம் தாயி என்றேன். அனுபவம் என்று போட்டால் சம்பள சிலிப் கேட்பார்கள், பி.எஃப். நம்பர் கேட்பார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எந்தத் தேதியில் விட்டோம் என்பது அந்தக் கணக்கிலேயே வந்துவிடும். இன்னும் அங்கேதான் இருக்கிறேன் என்று எழுதினாலும் விட்ட தேதி காட்டிக்கொடுத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகு பொய் தெரிந்தால் அனுப்பியும்விடுவார்கள். இடைவெளி இருப்பதில் தப்பில்லை, சரவணா. அதை மறைப்பதில்தான் வினை.

அந்த இரண்டு வருஷம் நீ என்னதான் செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை என்றாள். கேட்கக் கேட்கத்தான் வந்தது. குரூப் 4 எழுதியிருக்கிறாள், கிடைக்கவில்லை. அம்மாவின் மகளிர் குழுவுக்கு இவள்தான் நோட்டு எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு பேருடைய வாரச் சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் லோன் தவணை, கூட்டத் தீர்மானம் எல்லாம் இவள் கையெழுத்து. பாஸ் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், எந்த வாரத்தில் விட்டுப்போனது என்று இவள்தான் தேடிப் பிடிப்பாளாம். பில்லிங் வேலையும் அதுதானே! ஆஸ்பத்திரி கேட்ட பணம் எவ்வளவு, இன்சூரன்ஸ் கொடுத்தது எவ்வளவு, மிச்சம் ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். இதைப் போய் ஒன்றும் செய்யவில்லை என்கிறாள்.

அதை மூன்று வரியாக எழுதவைத்தேன். நான் அடித்திருந்தால் ஐந்து நிமிஷம். ஆனாலும் அவளே அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நாளைக்கு அதைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டியவள் அவள்தானே. மேலே ஐந்து வரிக்கு இருந்த அக்காவின் லட்சியத்தை எடுத்துவிட்டோம். மதம், சாதி, திருமண விவரமும் போனது. கல்யாண ஜாதகமா என்ன? கடைசியில் ஒரே பக்கத்தில் அடங்கியது. PDF ஆக்கி, அவள் மெயிலுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, சிஸ்டத்தில் இருந்ததை அவள் கண் முன்னாலேயே அழித்தேன். தகப்பனார் உள்ளே வந்து அந்தத் தாளை வாங்கி, கண்ணாடி போடாமலே பார்த்தார்.

இன்று மத்தியானம் போன் பண்ணினாள். மகளிர் குழுக் கணக்கைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்களாம். டைப்பிங் டெஸ்டில் வேகம் போதவில்லையாம், பத்து நாளில் சொல்கிறோம் என்று அனுப்பியிருக்கிறார்கள். கிடைக்குமா என்று தெரியவில்லை. சாயங்காலம் வந்து பழகு, காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா இதற்கும் முணுமுணுக்கிறார்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். இன்ஜினியரிங் முடித்து நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு இந்தத் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தவள் நான். இப்போதும் யார் கேட்டாலும் தலை நிமிர்ந்துதான் சொல்கிறேன். ஆனால் நீயோ மாதக்கணக்கில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. கடையில் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் Downloads ஃபோல்டரில் அப்படியே விட்டுவிட்டுப் போவதை நான் தினமும் ராத்திரி அழிப்பேன். பொங்கலுக்கு வந்தபோது நீ ராத்திரி தனியாகக் கடையைத் திறந்தாயே, மறுநாள் Saravanan_Resume_new.pdf என்று ஒன்று கிடந்தது. நான் திறக்கவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை, இன்னும் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது.

வேறு நல்ல இடத்துக்கு மாறப் பார்க்கிறாய் என்றால் சந்தோஷம்தான். அப்படி இல்லாமல் வேறு ஏதாவது என்றாலும் சொல். விட்ட தேதியை உள்ளபடியே போடு. இடையில் என்ன படித்தாய், யாருக்கு என்ன செய்து கொடுத்தாய் என்று யோசித்து எழுது. ஒன்றும் செய்யவில்லை என்று நீயும் சொல்லாதே. எழுதி எனக்கு ஒரு காப்பி அனுப்பு, கீழேயிருந்து படித்துச் சொல்கிறேன்.

இந்த மாதம் பணம் போட வேண்டாம். சொசைட்டி தவணையைக் கட்டிவிட்டேன். எப்படிக் கட்டினேன் என்று கேட்காதே, வளையலைப் பற்றி அப்பாவிடம் வாயைத் திறக்காதே. கேஸ் தீர்ந்துபோய் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் சொல், செலவுக்கு நான் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சந்தைக்குப் போய்விடுவார். பத்து மணிக்குக் கடை நம்பருக்குக் கூப்பிடு. நான்தான் எடுப்பேன்.

அம்மா
உசிலம்பட்டி