எத்தனை அதிகம், எத்தனை குறைவு: கணக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பும் பெற்றோர்களுக்கு

ரங்கூன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வாரநாள்களில் அரசுப் பள்ளியில் பர்மிய மொழியில் படித்துவிட்டு வார இறுதியில் நம் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கணக்குத் தாள்களைத் தாங்கள் கைப்பேசியில் படம் எடுத்து நம் ஆசிரியைகளுக்கு அனுப்பி, விளக்கம் கேட்டு வருகிறீர்கள். அண்மையில் வந்தவற்றில் பெரும்பாலானவை பட விளக்கப்படத்தையும் நேர்க்கோட்டுக் குறிகளையும் பார்த்து, எது எதைவிட எத்தனை அதிகம், எத்தனை குறைவு என்று எழுதும் கணக்குகளாக இருப்பதால், அவற்றைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

வந்த தாள்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பழக்கடையில் விற்ற பழங்கள் அதில் படங்களாக வரையப்பட்டுள்ளன. மாம்பழ வரிசையில் ஐந்து படங்கள். பப்பாளி வரிசையில் மூன்று முழுப் படங்களும் ஒரு பாதிப் படமும் இருக்கின்றன. தாளின் அடியில், ஒரு படம் நான்கு பழங்களைக் குறிக்கும் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் உள்ளது. பப்பாளியைவிட மாம்பழம் எத்தனை அதிகமாக விற்றது என்பது கேள்வி. மாம்பழம் ஐந்து நான்கு 20. பப்பாளி மூன்று நான்கு 12, பாதிப் படத்துக்கு 2, ஆக 14. எனவே விடை 6.

இந்த ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் எழுதும் தவறான விடைகள் வெவ்வேறாக இருக்கின்றன. எந்த விடை வந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்பது தெரிந்துவிடும். 1 என்று எழுதிய பிள்ளை, அடிக்குறிப்பைப் பார்க்காமல், பாதிப் படத்தையும் ஒரு படமாக எண்ணி, ஐந்திலிருந்து நான்கைக் கழித்திருக்கிறது. 4 என்று எழுதிய பிள்ளை குறிப்பைப் படித்திருக்கிறது, பெருக்கவும் செய்திருக்கிறது. ஆனால் பாதிப் படத்துக்கும் முழு நான்கு கொடுத்து 20இலிருந்து 16ஐக் கழித்திருக்கிறது. 34 என்று எழுதிய பிள்ளைக்குப் படம் வாசிப்பதில் குறையே இல்லை. ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிட்டது. இம்மூவரையும் ஒரே மாதிரி உட்காரவைத்து, பெருக்கல் வாய்பாட்டைத் திரும்பச் சொல்லச் சொல்வதில் பயன் இல்லை.

கூட்டிவிடும் பிள்ளைக்கு என் அனுபவத்தில் பலன் தருவது, இரண்டு வரிசைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, மாம்பழம் ஒன்று, பப்பாளி ஒன்று என்று சோடி சோடியாகப் பென்சிலால் அடிக்கச் செய்வதுதான். மூன்று சோடிகள் போனபின் மேலே இரண்டு மாம்பழப் படங்களும் கீழே ஒரு பாதிப் பப்பாளியும் மிஞ்சும். அந்தப் பாதிக்கு ஒரு பாதியை அடித்தால் ஒன்றரைப் படம் நிற்கும். ஒன்றரைப் படம் என்பது 6 பழம். மிஞ்சி நிற்பதைத்தான் ‘அதிகம்’ என்று கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளை அப்போது கண்ணால் பார்த்துவிடுகிறது. மாம்பழத்தைவிடப் பப்பாளி எத்தனை குறைவு என்று கேட்டாலும் மிஞ்சுவது அதே 6தான் என்பதை விளக்க வேறு படம் தேவைப்படாது.

இனி, பர்மிய எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பர்மிய மூன்றும் நான்கும், ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் மற்றொன்று தெரிவது போல எதிரெதிராகத் திரும்பியவை. மங்கலான படத்தில் பெரியவர்களே தடுமாறுவார்கள். மேற்சொன்ன தாளில் குறிப்பை மூன்று என்று வாசித்த பிள்ளைக்கு மாம்பழம் 15 என்றும் பப்பாளி பத்தரை என்றும் வந்து, விடை நாலரை ஆகிவிட்டது. பத்தரைப் பப்பாளி என்று வந்தவுடன் நிறுத்திக் குறிப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பாதிப் படம் வரையப்பட்டுள்ள தாளில், ஒரு படத்தின் மதிப்பு பெரும்பாலும் இரண்டால் வகுபடும் எண்ணாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் அரைப் பழத்தை எண்ண வேண்டி வரும்.

பாதிப் படம் என்று தோன்றுவதெல்லாம் பாதிப் படமும் அல்ல. படம் எடுக்கும்போது தாளின் வலது ஓரம் வெட்டுப்பட்டால் முழுப் பப்பாளியும் பாதியாகத் தெரியும். அதன் வலப்பக்கம் வெற்றுத்தாள் தெரிந்தால் அது ஆசிரியர் வரைந்த பாதி. படத்தின் விளிம்பிலேயே பழம் முடிந்தால் அது கைப்பேசி வெட்டிய பாதியாக இருக்கலாம். அதை வைத்துக் கணக்கைத் தொடங்காமல் தாளைத் திரும்பப் படம் எடுப்பதே சரி. அடிக்குறிப்பும் இப்படித்தான் பலமுறை காணாமற்போகிறது. குறிப்பு இல்லாத பட விளக்கப்படத்துக்கு எந்த ஆசிரியையாலும் விடை சொல்ல இயலாது. ஒரு படம் ஒரு பழம் என்று ஊகிப்பதும் தவறு.

நேர்க்கோட்டுக் குறிகளில் சிக்கல் வேறு. நான்கு கோடுகள் செங்குத்தாகவும் ஐந்தாவது அவற்றின் குறுக்கே சாய்வாகவும் போடப்பட்டதே ஒரு கட்டு. சில பிள்ளைகள் ஐந்து கோடுகளை நிறுத்திவிட்டு ஆறாவதைக் குறுக்கே போடுகிறார்கள். அவர்கள் எழுதிய குறிகளை ஐந்து ஐந்தாக எண்ணினால் கட்டுக்கு ஒன்று குறையும். அச்சடித்த தாளில் அந்தத் தவறு இராது, ஆனால் படத்தில் மெல்லிய சாய்கோடு மறைந்துபோகிறது, அல்லது தாளின் மடிப்பு சாய்கோடு போலத் தெரிகிறது.

இன்னொரு தாளில், 30 பிள்ளைகள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்ற விவரம் இருந்தது. நடந்து வருவோருக்கு இரண்டு கட்டுகளும் மூன்று கோடுகளும், சைக்காவில் வருவோருக்கு ஒரு கட்டும் நான்கு கோடுகளும், பேருந்தில் வருவோருக்கு ஒரு கட்டும் மூன்று கோடுகளும். அதாவது 13, 9, 8. சைக்கா வரிசையின் கடைசி நான்கு கோடுகளின் மேல் மடிப்பு விழுந்திருந்ததால் ஒரு பிள்ளை அதை இரண்டு கட்டுகளாக வாசித்து 10 என்று எழுதி, நடந்து வருவோரைவிடச் சைக்காவில் வருவோர் 3 பேர் குறைவு என்றது. சரியான விடை 4. மொத்தம் 30 என்று தாளிலேயே இருந்தும் பிள்ளையின் எண்களைக் கூட்டினால் 31 வந்தது. கழிப்பதற்கு முன் ஒருமுறை கூட்டியிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். ஒரு வரிசையில் ஒன்று கூடி இன்னொன்றில் ஒன்று குறைந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும் என்பதால், மொத்தம் சரியாக வந்தபின்னும் மங்கலான கட்டுகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது.

ஆகவே, தாளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் தட்டையாக விரித்து, நான்கு மூலைகளும் தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒளி பாய்ச்சி எடுத்தால் பளபளக்கும் தாளில் நடுப்பகுதி வெளுத்துவிடுகிறது. அனுப்புவதற்கு முன், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் அதன் எண்ணைப் பிள்ளையையே பென்சிலால் எழுதச் செய்யுங்கள். அது தவறாக இருந்தால் அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள். எங்கள் ஆசிரியைகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் விளக்கத்தைத் தொடங்குவார்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்