அந்தப் பூட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்

மதிப்புக்குரிய வங்கிக் கிளை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் அக்காவின் முறைப்பாடு உங்கள் மேசையில் கிடப்பதால் முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய பார்சலுக்கு 95 ரூபாய் கட்டச் சொல்லி மெசேஜ் வந்தது. கட்டினார். கணக்கிலிருந்து 74,000 ரூபாய் போய்விட்டது. "ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள்" என்று உங்கள் பதில் ஒரே வரியில் முடிகிறது.

சரி. ஆனால் காசு கட்டுவதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. போன் திரையின் மேலே, தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். இருந்தது. "பூட்டு அடையாளம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாம்" என்று உங்கள் கிளைச் சுவரில் ஒட்டியிருப்பதைத்தான் அவர் கடைப்பிடித்தார்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள். வீட்டுக்கு வந்தவளிடம் அக்காவின் போனைக் கொடுத்து, "பூட்டு இருக்குதே புள்ள, பிறகு எப்படிக் கள்ளம்?" என்று கேட்டேன்.

"பூட்டு பொய் சொல்லல்ல அப்பா. நாமதான் அதுகிட்ட இல்லாததைக் கேக்கிறம்" என்றாள். போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் வாசிக்கவோ மாற்றவோ முடியாது, மேலே எழுதியிருக்கும் பெயருக்குரிய கணினியோடுதான் போன் பேசுகிறது. பூட்டு சொல்வது இவ்வளவுதானாம். எனக்கு உடனே பதிவுத் தபால் நினைவுக்கு வந்தது. முத்திரை உடையாமல் உறையில் எழுதிய முகவரியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த வீட்டில் இருப்பவர் யோக்கியரா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

"அப்படியெண்டா இந்தப் பூட்டை ஆர் குடுக்கிறது? அடையாள அட்டை பாக்கமாட்டாங்களா?"

பெரும்பாலும் பார்ப்பதில்லையாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து, பூட்டு தோன்றக் காரணமான சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அது கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெயர் உன் கையில் இருக்கிறதா? தளத்தில் ஒரு சிறு கோப்பை வைக்கச் சொல்லும், இயந்திரம் வந்து பார்க்கும், சில நிமிடங்களில் சான்றிதழ் கிடைத்துவிடும். கள்ளன் வாங்கிய பெயர் கள்ளன் கையில்தானே இருக்கும்.

அக்காவின் போனில் சான்றிதழைத் திறந்து காட்டினாள். மெசேஜ் வந்ததற்கு முதல் நாள் கொடுக்கப்பட்டிருந்தது. "பார்த்தியா, இதுதான் கள்ளம்!" என்றேன். "இல்லை அப்பா, நல்ல தளங்களும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதுசு எடுக்கும். திகதியை வச்சுச் சொல்ல ஏலாது. பெயரைப் பாருங்க."

பெயர் இந்த மாதிரி இருந்தது (யாரும் தட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்):

```
https://post.gov.lk.parcel-fee.example/pay
```

நான் இடமிருந்து வாசித்து gov.lk என்றதும் நின்றுவிட்டேன். அக்காவும் அப்படித்தான் நின்றிருப்பார். `https://` என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னாள் மகள். அப்படி வாசித்தால் உரிமையாளர் `parcel-fee.example`. அதற்கு இடப்பக்கம் அவர் விரும்பிய எதையும் எழுதிக்கொள்ளலாம், gov.lk உட்பட. அரச தளமென்றால் gov.lk அந்தச் சாய்கோட்டுக்கு ஒட்டியே வர வேண்டும். இதை விளங்கப்படுத்த அவளுக்கு ஒரு தேத்தண்ணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இதை ஏன் ஐயா நீங்கள் சுவரில் ஒட்டவில்லை?

இன்னொன்றும் சொன்னாள். மக்கள் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள் என்பதால்தான் கூகுள் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்ததாம். அக்காவின் பழைய போனில் அது இன்னும் மிச்சம், உங்கள் சுவரிலும் மிச்சம்.

ஓடிபி பற்றிப் பேசுகிறீர்களே, அந்த மெசேஜில் 74,000 என்ற தொகையும் ஏதோ ஒரு கடையின் பெயரும் இருந்தது உண்மைதான். எல்லாம் ஆங்கிலத்தில். அக்காவுக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். பார்சல்காரர் கேட்ட இலக்கம் இதுதான் என்று எண்ணி, கடைசியில் இருந்த ஆறு இலக்கத்தை அடித்திருக்கிறார். நம்பச் சொல்லும் வரி தமிழில், எச்சரிக்கும் வரி ஆங்கிலத்தில். கணக்குத் திறக்க அழைக்கும்போது மட்டும் உங்கள் ஆட்கள் வாசலில் நின்று எவ்வளவு அழகாகத் தமிழ் பேசுகிறார்கள்! நத்தார், பொங்கல், ரம்ஸான் வாழ்த்துகளும் தமிழில் பிழையின்றி வருகின்றன.

கோபத்தில் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான். அந்தப் பூட்டு வரியை எடுத்துவிடுங்கள். முகவரியில் https இல்லாத பக்கத்தில் அட்டை இலக்கம் கொடுக்க வேண்டாம் என்று எழுதுங்கள், அது சரியானது. இருந்தால் நம்பலாம் என்று எழுதாதீர்கள். அந்த இடத்தில் உங்கள் வங்கியின் உண்மையான முகவரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தொகையையும் கடையின் பெயரையும் தமிழில் அனுப்புங்கள். அக்காவின் முறைப்பாட்டையும் அந்தச் சுவரொட்டியைப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை வாசித்து, எழுத்தில் பதில் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
களுவாஞ்சிக்குடி