தேதியை மட்டும் ஏன் சீல் மேல் அடிக்கிறீர்கள்?

மிக்சர், முறுக்கு, இட்லிப்பொடி, சத்துமாவு என்று பாக்கெட்டில் போட்டு விற்கும் தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களுக்கு லேபிள் வடிவமைத்துக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து, சர்க்கரை நோய் உள்ளவர்களும் உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் இருக்கும் வீடுகளுக்காக ஒரு பட்டியல் பராமரிக்கிறோம். வாங்கிய பாக்கெட்டைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள், அதை ஓசிஆர் மென்பொருள் எழுத்தாக மாற்றும், அப்புறம் எங்களில் ஒருவர் சரிபார்த்து என்னென்ன பொருள் கலந்திருக்கிறது, நூறு கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு சோடியம், எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று ஏற்றுவோம். 2012இல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் உலகம் முழுக்கச் செய்கிற அதே வேலைதான், நம்ம ஊர் பாக்கெட்டுகளுக்கு, சின்ன அளவில்.

உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், படம் எடுப்பதிலும் மென்பொருளிலும் எங்களால் முடிந்ததைச் செய்தாகிவிட்டது. மீதி உங்கள் கையில் இருக்கிறது, அதிலும் முக்கியமாகத் தேதி.

முதலில் சத்து அட்டவணையைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் தேதியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்பது புரியும். 30 கிராம் ஒரு பரிமாறல் என்று போட்ட ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இரண்டு பத்தி, ஒன்று நூறு கிராமுக்கு, இன்னொன்று ஒரு பரிமாறலுக்கு. படத்திலிருந்து மென்பொருள் படித்துக் கொடுப்பது பல நேரம் இப்படி இருக்கும்:

```
Protein        12.0 9    3.6 g
Added Sugars   09        0 g
Saturated Fat  125 g     3.8 g
Sodium         180 mg    234 mg
```

கிராமைக் குறிக்கும் `g` எழுத்து 9 ஆகிவிட்டது, அதனால் சேர்த்த சர்க்கரை 0 கிராம் என்பது 9 கிராம் மாதிரி நிற்கிறது. 12.5இல் இருந்த புள்ளி காணாமல் போய் 125 ஆகிவிட்டது. சோடியத்தில் 7 என்பது 1 ஆகிவிட்டது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இவை எல்லாவற்றையும் பிடித்துவிடலாம், அதுவும் பாக்கெட்டைத் திரும்பப் பார்க்காமலே. நூறு கிராம் தின்பண்டத்தில் 125 கிராம் கொழுப்பு இருக்க முடியாது. சேர்த்த சர்க்கரை மொத்தச் சர்க்கரையை விட அதிகமாக வராது. மொத்தச் சர்க்கரை 2 கிராம் என்று மேல் வரியில் இருக்கும்போது இது 9 என்றால் பொய். சோடியத்துக்குப் பக்கத்துப் பத்தியே சாட்சி: 234ஐ 0.3ஆல் வகுத்தால் 780 வருகிறது, 180 வரவில்லை. அதே வரியில் தினசரித் தேவையில் 12 சதவீதம் என்று நீங்களே போட்டிருப்பீர்கள், அது 2000 மில்லிகிராமை அடிப்படையாக வைத்தது, 234க்கு அது சரியாகப் பொருந்துகிறது.

கலோரிக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. புரதம் ஒரு கிராமுக்கு 4, மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. இந்த மிக்சரில் புரதம் 12, மாவுச்சத்து 48, கொழுப்பு 33 என்றால் 48, 192, 297, கூட்டினால் 537. லேபிளிலும் 537 என்று இருந்தால் நான்கு எண்களையும் ஒரே அடியில் நம்பலாம். நார்ச்சத்தை எப்படிச் சேர்த்தார்கள், எப்படி முழு எண் ஆக்கினார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் வரும், அது பரவாயில்லை. பெரிய இடைவெளி விழுந்தால்தான் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று மனிதர் ஒருவர் படத்தைத் திறந்து பார்ப்பார். (சில சமயம் படித்தது சரியாகவே இருக்கும், லேபிளே தப்பாக இருக்கும். அதைப் பற்றி இன்னொரு மடல் எழுதலாம்.)

படிக்கவே முடியாத வரியைக் காலியாகத்தான் விடுகிறோம். டிரான்ஸ் கொழுப்பு வரி மடிப்பில் மறைந்திருந்தால் அது பூஜ்ஜியம் ஆகிவிடாது.

சேர்பொருள் பட்டியலில் கணக்கு கிடையாது, ஆனால் அகராதி இருக்கிறது. கடலை மாவு, அரிசி மாவு, பாமாயில் என்று வரக்கூடிய பொருட்கள் எவை என்று தெரியும், ஓர் எழுத்து பிசகினாலும் கண்டுபிடித்துவிடலாம். உணவில் சேர்க்கும் சுவைகூட்டி, நிறமி போன்றவற்றுக்கான ஐஎன்எஸ் எண்களும் அப்படித்தான், 631 என்பதை மென்பொருள் 681 என்று படித்தால் அப்படி ஓர் எண்ணே பட்டியலில் இல்லை, உடனே நிறுத்திவிடும். மாட்டிக்கொள்வது எங்கே என்றால், 621ஐ 627 என்று படித்தால். இரண்டும் உண்மையான எண்கள், இரண்டும் சுவைகூட்டிகள், ஒன்று மோனோசோடியம் குளூட்டமேட், மற்றது வேறு. எண்ணை மட்டும் போட்டுவிட்டால் எங்களுக்கு வழியே இல்லை. எண்ணோடு பெயரையும் எழுதுங்கள், ஒன்று மங்கினாலும் மற்றது காப்பாற்றும். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போடுவதையும் குறையுங்கள். மசாலாவுக்குள் என்ன, எண்ணெய்க்குள் என்ன என்று உள்ளே உள்ளே போய் ஒரு மூடும் குறி மங்கிவிட்டால், மசாலாவுக்குள் இருக்க வேண்டிய பொருள் வெளியே வந்து தனிப் பொருளாக நிற்கிறது. பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் போவதால், இப்படி இடம் மாறினால் வரிசையே கெடுகிறது.

இப்போது தேதிக்கு வருகிறேன். சத்து அட்டவணைக்குக் கணக்கு உண்டு, சேர்பொருளுக்கு அகராதி உண்டு, 03/09/25 என்ற தேதியைச் சரிபார்க்க அதைச் சுற்றி எதுவுமே இல்லை. 03/08/25 என்று படித்தாலும் அது நல்ல தேதிதான், 08/09/25 என்றாலும் நல்ல தேதிதான். எந்தத் தகவல் தப்பானால் கண்டுபிடிக்கவே முடியாதோ, அதைத்தான் நீங்கள் பாக்கெட்டிலேயே மோசமான இடத்தில், மோசமான எழுத்தில் அச்சிடுகிறீர்கள்.

ஏன் அப்படி ஆகிறது என்று எனக்குப் புரிகிறது. சேர்பொருளும் சத்து அட்டவணையும் பிலிம் ரோலிலேயே அச்சாகி வருகின்றன, அச்சகத்தில் நிதானமாக, நல்ல எழுத்துருவில். தேதி பேட்சுக்குப் பேட்ச் மாறும், அதனால் பாக்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்க்ஜெட் இயந்திரம் சின்னச் சின்ன மைப் புள்ளிகளாகத் தெறித்துவிட்டுப் போகிறது. ஏழு புள்ளி உயரம், ஐந்து புள்ளி அகலம் கொண்ட எழுத்துகள்தான் இதில் சகஜம். அந்தக் கட்டத்தில் 8க்கும் 6க்கும், 8க்கும் 9க்கும் வித்தியாசம் ஓரிரு புள்ளிதான். முனை அடைத்து ஒரு வரிசைப் புள்ளி விழாமல் போனால், அல்லது பிலிமில் எண்ணெய் பட்டு மை கலைந்தால், எண்ணே மாறிவிடும்.

மென்பொருளுக்கு இன்னொரு தொல்லை. தொடர்ச்சியான கோடுகளில் பழகிய ஓசிஆருக்கு இந்தப் புள்ளிகள் எழுத்தாகவே தெரியாது, தனித்தனித் தூசியாகத் தெரியும். அதனால் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிப் புள்ளிகளை ஒட்ட வைக்கிறோம். குறைவாக ஒட்டினால் படிக்காது. கூடுதலாக ஒட்டினால் 6இன் மேல்வாய் மூடி 8 ஆகிவிடும். அந்த அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், அதனால்தான் எல்லாத் தேதியையும் இன்னும் மனிதக் கண்ணால் பார்க்கிறோம்.

இதோடு விட்டிருந்தாலும் சமாளித்திருப்போம். பின்பக்கத்தில் 'தேதி, விலை, பேட்ச் எண்ணுக்குச் சீலைப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டு, தேதியைப் பாக்கெட்டின் மேல் சீலில், அந்த வரிவரியான மேடுபள்ளத்தின் மேல் அடிக்கிறீர்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியவருக்குத் தேதி அந்தப் படத்தில் இல்லை என்பதே தெரியாது. இன்னொரு படம் கேட்பதற்குள் அவர் பாக்கெட்டைச் சீல் பக்கமாகக் கிழித்துத் திறந்திருப்பார், தேதி இரண்டு துண்டாகிக் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். படம் வந்தாலும் அலுமினியப் பளபளப்பில் விளக்கு வெளிச்சம் பட்டு நடு எண் வெள்ளையாகிவிடும். அதற்குப் பக்கத்திலேயே விலையும் கிராமுக்கு இவ்வளவு என்ற விலையும் பேட்ச் எண்ணும் தலைப்பே இல்லாமல் வரிசையாக நிற்கும், எது தேதி எது பேட்ச் என்று ஊகிக்க வேண்டும்.

கேட்பது பெரிய செலவில்லை. பிலிம் வடிவமைப்பில் பின்பக்கம், சத்து அட்டவணைக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கட்டம் விடுங்கள். 'பேக் செய்த தேதி', 'இதற்குள் பயன்படுத்தவும்' என்ற சொற்களை ரோலிலேயே அச்சிட்டுவிடுங்கள், இயந்திரம் எண்ணை மட்டும் அந்தச் சொல்லுக்கு நேரே அடிக்கட்டும். சீலுக்கும் மடிப்புக்கும் வராத தட்டையான இடமாக இருக்கட்டும்.

அப்புறம் நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது, தேதிக்கும் ஒரு கணக்கைக் கொடுங்கள் என்பதுதான். இரண்டு தேதிகளையும் போட்டுவிட்டு, கூடவே 'பேக் செய்த நாளிலிருந்து 90 நாள்' என்பதையும் ரோலில் அச்சிட்டால் போதும். பேக் செய்தது 05/06/25, காலாவதி 03/09/25 என்றால் இடையில் சரியாக 90 நாள். அந்த 9ஐ 8 என்று படித்துவிட்டால் இடைவெளி 59 நாளாகிவிடும், 3ஐ 8 என்று படித்தால் 95 ஆகிவிடும், இரண்டு தப்பும் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இப்போது சிலர் காலாவதித் தேதியை மட்டும் தெளிவாக அடித்துவிட்டு மற்றதைச் சீலில் விடுகிறார்கள், சிலர் நேர்மாறாக. மூன்றும் ஒரே படத்தில் விழ வேண்டும். மாதத்தை எழுத்தில் அடித்தால் நாளா மாதமா என்ற குழப்பமும் போய்விடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருட்களுக்கு மாதத்தின் முதல் மூன்று எழுத்தை ஏற்கெனவே அனுமதிக்கின்றன.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இப்போது பாக்கெட்டில் இருக்கும் கோடுபோட்ட பார்கோடு எந்தப் பொருள் என்பதை மட்டும் சொல்லும், எந்த பேட்ச், எந்தத் தேதி என்று சொல்லாது. ஜிஎஸ்1 முறைப்படி சதுரக் குறியீட்டில் `(17)250903` என்று தேதியையும் சேர்த்துவிடலாம், 17 என்றால் காலாவதி, பின்னால் வருவது ஆண்டு, மாதம், நாள். ஸ்கேன் செய்தால் ஊகத்துக்கு இடமில்லை. ஆனால் அதை ஒவ்வொரு பேட்சுக்கும் ஓடும் வரிசையிலேயே அச்சிட வேண்டும், அதற்கான இயந்திரம் சின்னத் தயாரிப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அவர்களிடம் நான் இதைக் கேட்கவில்லை. வெள்ளைக் கட்டம் போதும்.

எழுத்தளவு பற்றியும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் சின்ன எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. 20 சென்டிமீட்டர் அகலப் பாக்கெட்டை 4000 பிக்சல் அகலப் படத்தில் முழுசாக நிரப்பினால் அந்த எழுத்து 24 பிக்சல் உயரம் வரும், ஓசிஆர் நிம்மதியாகப் படிக்கும். அதே படம் செய்திச் செயலியில் சுருங்கி 1600 பிக்சலாக வந்தால் 10 பிக்சல்கூடத் தேறாது. சுருக்காமல் அனுப்பச் சொல்வது எங்கள் வேலை. ஆனால் உங்களில் சிலர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே, சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் போடுவதை எந்த போனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த ரோலுக்கு அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வரும்போது அதைச் சாதாரண போனில், டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்து, போனிலேயே இருக்கும் எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதியில் போட்டுப் பாருங்கள். எண் மாறி வந்தால் பிளேட் போடுவதற்கு முன்னால் சரிசெய்யலாம். தேதிக்கு அந்தச் சோதனையை ஒவ்வொரு பேட்சின் முதல் பாக்கெட்டிலும் செய்யுங்கள், மை முனையைத் துடைக்க வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பாக்கெட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கும் குழுவில் ஒருவர்