லொத்தர் விழுந்த பிறகு

ஸ்டேட்டன் ஐலண்ட்
2025 மே 18

அன்புள்ள சிவா,

உன் குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன் மச்சான். உன் மகள் துஷாவுக்கு அமெரிக்க கிரீன் கார்ட் லொத்தர் விழுந்திருக்கிறது என்பதைவிட, அந்தக் கொமியூனிக்கேஷன் கடைக்காரர் மூன்று லட்சம் கேட்கிறார் என்பதைத்தான் நீ அதிக நேரம் சொல்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். விழுந்தது விசா இல்லை, வரிசையில் ஒரு இடம். உச்ச எண்ணிக்கை வருடத்துக்கு 55,000 விசாதான். ஆனால் தெரிவாகிறவர்கள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பலர் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கூடுதலாக எடுக்கிறார்கள். விழுந்ததே சில நேரம் நிற்காது. 2011 மே மாதம் 22,000 பேர் தெரிவான முடிவை, கம்ப்யூட்டர் முதல் இரண்டு நாள் விண்ணப்பங்களையே பெரும்பாலும் பொறுக்கிவிட்டது என்று ரத்து செய்து, ஜூலையில் மறுபடி குலுக்கினார்கள். அந்தப் பட்டியலில் இருந்த ஒரு தம்பி இங்கே என்னோடு வேலை செய்கிறான். இன்றைக்கும் மே மாதம் வந்தால் முகம் தொங்கிவிடும்.

சரி, கடைக்காரர். அவர் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்த உறுதிப்படுத்தல் இலக்கம். போன ஒக்டோபரில் விண்ணப்பித்தபோது திரையில் வந்ததை அவர் எழுதி வைத்துக்கொண்டு உங்களுக்குக் கொடுக்கவில்லை. அது இருந்தால்தான் முடிவுப் பக்கம் திறக்கும், அடுத்த படிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அந்த இலக்கத்தை மீட்க வழி உண்டு. dvprogram.state.gov தளத்தில் முடிவு பார்க்கும் பக்கத்துக்குள் Forgot Confirmation Number என்று ஒன்று இருக்கும். எந்த வருட லொத்தர், பெயர், பிறந்த திகதி, விண்ணப்பத்தில் கொடுத்த ஈமெயில் முகவரி, இவ்வளவும் சரியாக இருந்தால் இலக்கம் வந்துவிடும். சிக்கல் அந்த ஈமெயில். துஷாவிடம் கேட்டேன், தன் முகவரி கொடுக்கவில்லை என்கிறாள். அப்படியென்றால் கடையின் முகவரியைத்தான் போட்டிருப்பார். அன்றைக்குக் கொடுத்த பில்லில் ஒரு ஜிமெயில் முகவரி அச்சடித்திருக்குமே, அதைப் போட்டுப் பார். பெயரையும் இரண்டு விதமாக முயற்சி செய். நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று கடைக்காரருக்கு ஒரு கணக்கு, பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு கணக்கு.

இனி துஷாவின் பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்லிப் பயமுறுத்துகிற விஷயம்: “சின்னவன் பெயர் விண்ணப்பத்தில் இல்லை, இதைச் சரிசெய்யத்தான் காசு.” பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. விண்ணப்பிக்கும் நாளில் உயிரோடு இருக்கிற 21 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகள் எல்லாரையும், கூட வராவிட்டாலும் கட்டாயம் போட வேண்டும். புருஷன் மனைவியும் அப்படித்தான். ஒருவரை விட்டால் நேர்முகத்தில் முழுக் குடும்பமும் வெளியே. ஆனால் துஷா விண்ணப்பித்தது ஒக்டோபர், சின்னவன் பிறந்தது டிசம்பர். பிறகு பிறந்த பிள்ளையை DS-260 என்கிற விசாப் படிவத்தில் சேர்த்து, பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் போதும். அதற்கு யாருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம். மாறாக, அவர் மூத்தவளை அன்றைக்கு விட்டிருந்தால் மூன்று கோடி கொடுத்தாலும் சரிவராது. அதனால் விண்ணப்பத்தில் மூத்தவள் இருக்கிறாளா என்று மட்டும் அவரிடம் உறுதிப்படுத்திக்கொள்.

DS-260 இணையத்தில் நிரப்புவது, இலவசம். நான்கு பேருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். விசாக் கட்டணம் ஆளுக்கு 330 டொலர், ஆனால் அதை நேர்முக நாளில் கொழும்புத் தூதரகக் காசாளரிடம்தான் கட்டுவது. முன்கூட்டி எந்தக் கணக்கில் போடச் சொன்னாலும், அது மோசடி என்று எடுத்துக்கொள். “நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்” என்று அமெரிக்க அரசு ஈமெயிலோ கடிதமோ அனுப்பாது. நாமே போய்த்தான் பார்க்க வேண்டும். முகவரி .gov என்று முடியாத தளத்தில் எதையும் நிரப்பாதே.

முடிவுப் பக்கத்தில் துஷாவுக்கு வேறொரு இலக்கம், கேஸ் இலக்கம், இருக்கும்; அது 2026AS என்று தொடங்கும். AS என்றால் ஆசியா. அதற்குப் பிறகு வருகிற எண் தான் தலையெழுத்து. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் வெளியிடுகிற விசா புல்லட்டினில் மாதாமாதம் ஆசியாவுக்கு ஒரு எல்லை எண் போடுவார்கள். உதாரணத்துக்கு எல்லை 5,000, அவள் எண் 4,200 என்றால் அந்த மாதம் அவளை நேர்முகத்துக்கு அழைக்கலாம். 6,800 என்றால் எல்லை ஏறும்வரை காத்திருக்க வேண்டும். 2026 செப்டெம்பர் 30 தாண்டினால் எல்லாம் முடிந்தது, மிச்சமிருந்தாலும் அடுத்த வருடத்துக்குப் போகாது. படிவத்தைத் தள்ளிப்போடாதே என்பது இதனால்தான். பெரிய எண் என்றால் வீட்டை விற்கவோ மருமகன் வேலையை விடவோ கூடாது. விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும்வரை ஒன்றும் நிச்சயமில்லை.

மருமகன் கட்டாரில் மூன்று வருடம் இருந்தவர் அல்லவா? பதினாறு வயதுக்குப் பிறகு ஒரு வருடமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் நாள் எடுக்கும், இப்போதே தொடங்கச் சொல். படிப்பு விஷயம் துஷாவுக்கு மட்டும்தான், அவள்தான் முதன்மை விண்ணப்பதாரி. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு கேட்பார்கள். ஓ.எல். பதினோராம் வகுப்போடு முடிகிறது, அது மட்டும் இருந்தால் கஷ்டம். அவள் ஏ.எல். பாஸ், மூலச் சான்றிதழைத் தேடி எடுத்து வை.

உன் சின்ன மகள் கலாவும் அடுத்த தரம் போடுவதாகச் சொன்னாய். அவள் புருஷன் திருச்சி முகாமில் பிறந்ததால் பயப்படுகிறாய். பார்ப்பது குடியுரிமையை இல்லை, பிறந்த நாட்டை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இதில் இடமில்லை, அங்கிருந்து ஐந்து வருடத்தில் 50,000க்கு மேல் குடியேறுகிறார்கள். ஆனால் கலா வவுனியாவில் பிறந்தவள். அவள் விண்ணப்பித்தால் அவரும் கூட வரலாம். அவரும் தனியாக, மனைவி பிறந்த நாட்டின் பேரில் ஒன்று போடலாம். ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான், இரண்டு போட்டால் இரண்டும் போய்விடும்.

விண்ணப்பத்துக்கான படத்தை உன் ஊர் ஸ்ரூடியோவில் எடுப்பதென்றால் பக்கத்தில் நில். போன வருடம் என் பெறாமகளுக்கு அங்கே கன்னத்துத் தழும்பை அழித்து, தோலைப் பாலில் கழுவியதுபோல் ஆக்கிக் கொடுத்தார்கள். அது ஆகாது. வெள்ளைச் சுவர், கண்ணாடி கழற்ற வேண்டும், முகம் நேராக, சிரிப்பு வேண்டாம், நிழல் விழக் கூடாது. 600க்கு 600 பிக்சல் சதுரம், கோப்பு 240 கேபிக்குள், தலை படத்தின் உயரத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், போன தரம் போட்ட படத்தைத் திரும்பப் போட்டால் தள்ளிவிடுவார்கள். கைக்குழந்தையென்றால் வெள்ளை விரிப்பில் கிடத்தி மேலிருந்து எடு, யாருடைய கையும் தெரியக் கூடாது.

அந்த பில்லைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. உன் காலை எட்டு மணிக்கு எனக்கு இரவு பத்தரை, முழித்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்போம். அதுவரை கடைக்காரரிடம் சண்டை பிடிக்காதே.

அன்புடன்,
குமார்