மஞ்சள் போதும், ரோஸ் கொஞ்சம்

அன்புள்ள செல்விக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒளிமின் விளைவு நோட்ஸைப் பார்த்தேன். கையெழுத்தில் குறையில்லை. ஆனால் ஆறு வரிக்கு ஐந்து கலர் பூசியிருக்கிறாய். நீல ஹைலைட்டர் பட்ட இடத்தில் நீலப் பேனா எழுத்து பாதி மங்கிவிட்டது.

மஞ்சளை மட்டும் கையில் வைத்துக்கொள். வெளிர் நிறம் என்பதால் நீல மையும் கறுப்பு மையும் அதன்மேல் தெளிவாகத் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தாலும் மஞ்சள் அநேகமாக விழாது. நீலமும் ஊதாவும் சாம்பல் பட்டையாக விழுந்து எழுத்தை மறைக்கும்.

பயன்தொடக்க அதிர்வெண் பற்றிய விதி முழுவதையும் பூசிவிட்டாய். அந்தச் சொல்லுக்கு மட்டும் மஞ்சள் போதும், மீதி வரி தானாக நினைவுக்கு வரும். அடுத்த விதி, எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் ஒளியின் செறிவைச் சார்ந்ததல்ல என்பது. 'சார்ந்தது' என்று மாற்றி எழுதுவது இங்கேதான், அதனால் 'சார்ந்ததல்ல' மேல் ரோஸ் போடு. டெஸ்ட்டில் தப்பாக எழுதிய இடங்களைத் தவிர வேறெங்கும் ரோஸ் வேண்டாம். அப்போதுதான் பரீட்சைக்கு முதல் நாள் ரோஸை மட்டும் பார்த்துப் புரட்டலாம்.

படத்தில் சில சொற்கள் இழுபட்டிருந்தன, ஜெல் பேனா என்று நினைக்கிறேன். அந்த மையும் ஹைலைட்டர் மையும் தண்ணீர் கலந்தவை. எழுதி நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரே இழுப்பில் பூசு. திரும்பத் தேய்த்தால் தாள் நனைந்து மறுபக்கம் ஊறும். பால்பாயிண்ட் மை எண்ணெய் கலந்தது, அவ்வளவாக இழுபடாது. ஹைலைட்டர் முனை கறுத்தால் வேஸ்ட் தாளில் மஞ்சள் வரும்வரை கிறுக்கு.

விடைத்தாளில் இந்தக் கலர் எதுவும் கூடாது. நீலம் அல்லது கறுப்பு மையால் எழுதவும் அடிக்கோடிடவும், படத்துக்குப் பென்சில் என்று பிளஸ் டூ வினாத்தாளிலேயே போட்டிருப்பார்கள். சிவப்பு திருத்துபவரின் மை, பக்கமே போகாதே. விடையை நீலத்தில் எழுது. வினா எண்ணும் தலைப்பும் கறுப்பில் இருக்கட்டும். ஐந்து மார்க் விடையில் 'பயன்தொடக்க அதிர்வெண்', 'சார்ந்ததல்ல' மாதிரி நாலைந்து சொற்களுக்குக் கீழே கறுப்பில் கோடு போடு. எல்லா வரிக்கும் போட்டால் எது முக்கியம் என்று தெரியாமல் போகும். கோட்டை எழுத்தை ஒட்டி இழுக்காதே, 'கு', 'ழு' போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படும்.

மார்ச் வெயிலில் கை வியர்க்கும். ஜெல்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கம் எழுதியதும் உடனே திருப்பாதே, எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். என்னைக் கேட்டால் பால்பாயிண்ட்தான். ஒரே கம்பெனியில் நீலம் மூன்று, கறுப்பு இரண்டு வாங்கு. நடுவில் பேனா மாறினாலும் நீலத்தின் சாயல் மாறக்கூடாது. புதுப் பேனா முதலில் திட்டாக மை கக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு ஹாலுக்குக் கொண்டுபோ.

அன்புடன்,
அம்மா